பாதி சரி, முக்கால் சரி: பையை யாரிடம் கொடுப்பது?

கேள்வி: நேற்று சாயங்காலம் பஸ் ஸ்டாப் பெஞ்சில் ஒரு குழந்தையின் ஸ்கூல் பை கிடந்தது. அரை மணி நேரம் காத்திருந்தேன், யாரும் தேடி வரவில்லை. வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். பள்ளியின் பெயரோ போன் நம்பரோ எதிலும் இல்லை, நோட்டில் குழந்தையின் பெயர் மட்டும் இருக்கிறது. பையைப் படம் எடுத்து, "உள்ளே என்ன இருந்தது என்று சொல்லி உரியவர் பெற்றுக்கொள்ளலாம்" என்று போட்டேன். இரண்டு பேர் தங்களுடையது என்கிறார்கள். ஒருவர் சொன்னதில் பாதி சரி, இன்னொருவர் சொன்னதில் முக்கால்வாசி சரி. யாரிடம் கொடுப்பது? நான் கேட்ட விதம் சரிதானா?

பதில்: இப்போதைக்கு இருவரிடமும் கொடுக்காதீர்கள். "இன்னும் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன், நாளை பேசுகிறேன்" என்று இருவருக்கும் ஒரே மாதிரி சொல்லிவிடுங்கள். பாதி, முக்கால் என்று நீங்கள் போட்டு வைத்திருக்கும் மார்க்கையும் அழித்துவிடலாம். எத்தனை சரி என்று எண்ணிப் பார்த்தால், ஸ்கூல் பை விஷயத்தில் சம்பந்தமே இல்லாத ஆள்கூட சுலபமாக நல்ல மார்க் வாங்கிவிடுவார்.

ஒரு பேருந்து நிறுவனத்தின் தொலைந்த பொருள் அறையில் 19 வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். குடைக்கும் செல்போனுக்கும் அடுத்தபடியாக எங்கள் அலமாரியில் அதிகம் சேர்ந்தது ஸ்கூல் பைதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மாலை, மகளின் பையைத் தேடி ஒருவர் வந்தார். ஊதா நிறம், முன்பக்கம் பட்டாம்பூச்சி என்றார். அலமாரியில் அச்சு அசலாக அப்படியே ஒரு பை. நான் அதைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன்.

"உள்ளே பச்சை கலர் பென்சில் பாக்ஸ் இருக்குமா?"

"ஆமா சார், பச்சைதான்."

"தண்ணீர் பாட்டில்?"

"இருந்துச்சு சார்."

"கோடு போட்ட நோட்டு மூணு?"

"இருக்கும் சார்."

கையெழுத்து வாங்கிக்கொண்டு பையைக் கொடுத்தேன். மறுநாள் காலை அதே மனிதர் அதே பையோடு வந்து நின்றார். "இது எங்க பொண்ணுது இல்ல சார். நோட்டுல வேற பேரு இருக்கு." இரண்டு குழந்தைகள் ஒரே மாதிரிப் பை வாங்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அவர் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை. பச்சை என்று சொன்னது நான், மூன்று நோட்டு என்று சொன்னதும் நான். அவர் சொன்னதெல்லாம் "ஆமா" மட்டும். நடுவில் அன்று இரவு, பையின் சொந்தக்காரக் குழந்தையின் அம்மா போன் செய்திருக்கிறார். இரவு ஷிப்டில் இருந்தவர் பதிவேட்டைப் பார்த்து, "ஊதா பை ஒன்று வந்தது, உரியவர் வாங்கிப் போய்விட்டார்" என்று சொல்லி வைத்துவிட்டார். அந்தக் குழந்தைக்கு மறுநாள் டெஸ்ட். அதற்குப் படிக்க வேண்டிய நோட்டு அந்தப் பைக்குள்.

சரி, உங்கள் பைக்கு வருவோம். உங்களிடம் பேசிய இருவரும் என்னென்ன சொன்னார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நோட்டு, புத்தகம், பென்சில் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ் என்றுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். இவை எல்லா ஸ்கூல் பைகளிலும் உண்டு. வழியில் போகிற யாரைக் கேட்டாலும் இந்த ஐந்தையும் சொல்வார்கள், ஐந்தும் சரியாக இருக்கும். முக்கால்வாசி சரியாகச் சொன்னவர் இதைத்தான் சொன்னார் என்றால், அவர் எதையும் நிரூபிக்கவில்லை. பாதி சரியாகச் சொன்னவர் நடுவில் ஒரே ஒரு விசித்திரமான விஷயத்தைச் சொல்லியிருந்தால், உதாரணமாக "சைடு பாக்கெட்டில் ஒற்றைச் சாக்ஸ் கிடக்கும்" என்று சொல்லி அது கிடந்தால், மீதி எல்லாம் தப்பானாலும் அவர் பக்கம்தான் நான் சாய்வேன்.

ஆகவே முதலில் நீங்கள் பையைப் படிக்க வேண்டும். மேசையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, வீட்டில் இன்னொருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அறையாகத் திறந்து, எடுப்பதை வரிசையாக எழுதுங்கள். எதையும் எடுத்த இடத்திலேயே திரும்ப வையுங்கள், ஏனென்றால் எது எந்த அறையில் இருந்தது என்பதே நாளைக்கு ஒரு கேள்வியாகும். பக்கத்தில் ஒருவர் வேண்டும் என்பது உங்களுக்காக. பின்னால் யாராவது "உள்ளே வாட்ச் இருந்ததே" என்று கேட்டால் நீங்கள் தனியாக நிற்க வேண்டாம்.

மருந்து ஏதாவது இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இன்ஹேலரோ, ஒவ்வாமைக்கான ஊசியோ, மருந்துச் சீட்டோ இருந்தால் இந்த நிதானமெல்லாம் வேண்டாம். உடனே காவல் நிலையத்துக்கும் பேருந்து அலுவலகத்துக்கும் சொல்லிவிடுங்கள், அறிவிப்பிலும் "அவசரம்" என்று சேருங்கள். பை கிழிந்தோ, பக்கத்தில் செருப்பு சிதறியோ கிடந்திருந்தாலும் அப்படித்தான். பெரும்பாலும் பஸ்ஸைப் பிடிக்க ஓடிய குழந்தை மறந்துவிட்டுப் போன பையாகத்தான் இருக்கும். ஆனாலும் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால், குழந்தையைக் காணோம் என்று யாராவது தேடிக்கொண்டிருந்தால் அவர்களுக்கு உதவும். பை உங்களிடம் இருப்பதற்கும் ஒரு பதிவு இருக்கும்.

அடுத்து, பள்ளியின் பெயர் இல்லை என்கிறீர்களே, அதை இன்னொரு தடவை பாருங்கள். டைரியின் முதல் பக்கத்தைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். அது கிழிந்தோ நிரப்பாமலோ இருந்தால் அதோடு விட்டுவிடுவார்கள். திருத்தின டெஸ்ட் பேப்பரின் தலைப்பைப் பாருங்கள். லைப்ரரி புத்தகம் இருந்தால் அதன் முதல் பக்கத்திலும் நடுப் பக்கம் ஒன்றிலும் முத்திரை இருக்கும். நோட்டில் ஆசிரியர் கையெழுத்துக்குக் கீழே ரப்பர் ஸ்டாம்ப் இருக்கலாம். மடித்துக் கசங்கின சுற்றறிக்கை பையின் அடியில் கிடக்கலாம். குழந்தைகள் பைக்கு அடியில் போய்ச் சேருகிற காகிதம் வெளியே வருவதே இல்லை. மூன்று மாதம் பழைய சுற்றறிக்கையை வைத்தே நான் பல பைகளை அனுப்பியிருக்கிறேன்.

பள்ளியின் பெயர் கிடைத்துவிட்டால் இந்தச் சோதனையெல்லாம் தேவையே இல்லை. பள்ளி அலுவலகத்தை நீங்களே கூப்பிட்டு, பெயரையும் வகுப்பையும் சொன்னால் போதும். பையிலிருந்து கிடைத்த தகவலை வைத்து நாம் ஒருவரைக் கூப்பிடும்போது, எதிர்முனையில் இருப்பவர் தன்னை நிரூபிக்க வேண்டியதில்லை. யார் யாரோ நம்மைக் கூப்பிடும்போதுதான் இந்தச் சங்கடமெல்லாம். பள்ளி லீவு நாளாக இருந்தால், திறக்கிற நாள்வரை காத்திருப்பதில் பெரிய நஷ்டம் இல்லை.

பெயரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நோட்டில் இருக்கும் பெயர் பைக்குச் சொந்தக்காரக் குழந்தையின் பெயராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. லீவு போட்ட பாடத்தை எழுதிக்கொள்ள நண்பனின் நோட்டை வாங்கி வந்திருக்கும். பையின் உள்பக்கம் தைத்த பெயர் அண்ணனுடையதாகவோ அக்காவுடையதாகவோ இருக்கும். ஆகவே எல்லா நோட்டையும் எடுத்து எந்தப் பெயர் அதிகம் வருகிறது என்று பாருங்கள். ஒரே ஒரு நோட்டில் மட்டும் வேறு பெயர் இருந்தால் உங்களுக்கு அருமையான கேள்வி கிடைத்துவிட்டது என்று அர்த்தம். "உங்கள் குழந்தையின் பையில் வேறு யாருடைய பொருளாவது இருக்கிறதா?" என்று கேட்டால், உண்மையான வீட்டில் ஒரு சின்ன விசாரணை நடந்து பதில் வரும்.

இப்போது நீங்கள் தேட வேண்டியது, யாரும் திட்டமிடாமல் பையில் ஏறிய அடையாளங்களை. வாங்கும்போது பை எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும், இரண்டு மாதம் ஒரு குழந்தையின் முதுகில் இருந்துவிட்டால் அப்புறம் அந்த மாதிரி இன்னொன்று உலகத்தில் இருக்காது. ஜிப்பின் பிடி உடைந்து அதற்குப் பதில் நூலோ கிளிப்போ கட்டியிருக்கும். ஒரு தோள்வார் மட்டும் வேறு நிற நூலில் தைத்திருக்கும். பென்சில் பாக்ஸின் மூடி உள்பக்கம் பேனாவால் எதையாவது கிறுக்கியிருக்கும். ஸ்டிக்கர் பாதி உரிந்திருக்கும். முன்பாக்கெட்டில் கூழாங்கல், பாட்டில் மூடி, ஒற்றைக் கம்மல், எதிலிருந்து கழன்றது என்று தெரியாத ஒரு சக்கரம் என்று ஒரு பொக்கிஷமே இருக்கும். பெரியவர்கள் பார்த்தால் குப்பை என்று கொட்டிவிடுவார்கள். நீங்கள் கொட்டாதீர்கள். பையிலேயே உறுதியான சாட்சி அந்த முன்பாக்கெட்தான்.

இந்த மாதிரி ஐந்தாறு அடையாளங்களை எழுதி, உங்கள் வீட்டிலிருப்பவர்கள் தவிர வேறு யாரிடமும் சொல்லாமல் வையுங்கள். நண்பர்களிடம்கூடச் சொல்ல வேண்டாம். "ஒரு பை கிடைச்சது, உள்ள ஒத்தச் சாக்ஸ் வேற" என்று சிரிப்புக்குச் சொன்னது ரெண்டு கை மாறி எங்கே போய்ச் சேரும் என்று தெரியாது.

நீங்கள் போட்ட படம் எனக்குக் கொஞ்சம் கவலை தருகிறது. அதை இப்போதே பெரிதாக்கிப் பாருங்கள். சைடு பாக்கெட்டில் தண்ணீர் பாட்டில் தெரிகிறதா? ஜிப்பில் சாவிக்கொத்து தொங்குகிறதா? தைத்த பெயரோ லேபிளோ படிக்கிற மாதிரி இருக்கிறதா? படத்தில் தெரிவது எதையும் இனிமேல் கேள்வியாகக் கேட்க முடியாது. அந்த இருவரும் சரியாகச் சொன்னவற்றில் படத்தில் தெரிகிறவற்றை அடித்துவிட்டு மீதியைப் பாருங்கள். பல சமயம் முக்கால் என்பது கால் ஆகிவிடும். பின்னணியில் உங்கள் வீட்டு வாசலோ கதவு எண்ணோ தெரிகிறதா என்றும் பாருங்கள். போனில் இருப்பிடம் பதிவாகும் வசதி போட்டிருந்தால், எடுத்த படத்துக்குள்ளேயே எந்த இடத்தில் எடுத்தது என்பது ஒளிந்திருக்கும். பல செயலிகள் படத்தைப் போடும்போது அதை நீக்கிவிடுகின்றன, ஆனால் படத்தை அப்படியே கோப்பாக அனுப்பினால் அதுவும் கூடப் போகும்.

படத்தை எடுத்துவிட்டு எழுத்தில் மட்டும் போடுவது நல்லது. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"நேற்று மாலை பஸ் ஸ்டாப்பில் ஒரு குழந்தையின் ஸ்கூல் பை கிடைத்தது. பத்திரமாக இருக்கிறது. தொலைத்தவர்கள் எந்த நிறுத்தம், எத்தனை மணி, பை எப்படி இருக்கும், உள்ளே எந்த அறையில் என்ன இருக்கும் என்று தனிச்செய்தியில் மட்டும் எழுதவும். குழந்தையிடம் கேட்டு எழுதினால் நல்லது. தயவுசெய்து பொதுவில் யாரும் பதில் போட வேண்டாம்."

இதில் நிறுத்தத்தின் பெயர் இல்லை, பையின் நிறமும் இல்லை. ஊரின் எந்தப் பக்கம் என்று மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். குழந்தை ஆணா பெண்ணா என்பதைக்கூட நான் எழுதமாட்டேன். தேடுகிறவர்களுக்கு இது போதாதே என்று தோன்றும். பையைத் தொலைத்த வீட்டுக்கு "நேற்று மாலை, ஸ்கூல் பை, பஸ் ஸ்டாப்" என்ற மூன்று சொல்லே போதும், உடனே எழுதிவிடுவார்கள். பொதுவில் பதில் வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. ஒருவர் எல்லோரும் பார்க்கிற இடத்தில் சரியான பதிலை எழுதிவிட்டால், அடுத்து வருகிறவர் அதைப் பார்த்து எழுத எவ்வளவு நேரமாகும்? படத்தைப் பலர் ஏற்கெனவே பகிர்ந்திருப்பார்கள், அதைத் திரும்ப வாங்க முடியாது. இனிமேல் பரவுவதையாவது நிறுத்தலாம்.

ஒரு பழைய ஸ்கூல் பைக்காக யார் பொய் சொல்லப் போகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். பைக்காகப் பொய் சொல்பவர்கள் உண்மையில் ரொம்பக் குறைவு. என் அனுபவத்தில் தவறாக வந்து கேட்டவர்களில் பெரும்பாலோர் அந்த ஊதாப் பை மனிதர் மாதிரி நேர்மையானவர்கள், அதே மாதிரிப் பையைத் தொலைத்தவர்கள். நான் பயப்படுவது பைக்காக அல்ல, பைக்குள் இருக்கும் குழந்தைக்காக. பெயர், வகுப்பு, டைம்டேபிள், எந்த நிறுத்தத்தில் எத்தனை மணிக்கு நிற்கும், கூடப் படிப்பவர்கள் யார் என்று ஒரு குழந்தையின் முழு நாளும் அதில் எழுதியிருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் அந்தப் பெயரைச் சொல்லி, "உங்க டீச்சர்தான் அனுப்பினாங்க" என்று டீச்சர் பெயரையும் சேர்த்துச் சொன்னால் எந்தக் குழந்தை சந்தேகப்படும்? அதனால் பெயரைப் போடக் கூடாது, நோட்டின் பக்கத்தைப் படமெடுத்துப் போடக் கூடாது. கேட்கிறவரிடமும் "உங்க பொண்ணு பேரு இதுதானே" என்று நாமாகச் சொல்லக் கூடாது.

இனி, கேட்கிற முறை. முதல் கேள்வியே பைக்குள் போகக் கூடாது. எங்கே, எப்போது, எந்தப் பக்கம் போகிற பஸ்ஸுக்காக நின்றார்கள், பையை எங்கே வைத்தார்கள் என்று அவர்களே கதையாகச் சொல்லட்டும். பெஞ்சிலா, தரையிலா, கம்பியில் மாட்டியா என்பது உங்களுக்கு மட்டும் தெரியும். பிறகு, "பையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பேசாமல் இருப்பதுதான் கஷ்டம். அவர்கள் "நீலமா, சாம்பலா?" என்று கேட்டால், "நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் சரி, தப்பு என்று தலையாட்டக் கூடாது. "பாட்டில் நீலம் இல்லைங்க" என்று நீங்கள் சொன்ன நிமிஷத்தில் நீலம் கழிந்தது. இன்னும் நாலு முறை அப்படிச் சொன்னால் பாட்டிலை நீங்களே கையில் கொடுத்த மாதிரி. எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகே முடிவு சொல்ல வேண்டும்.

எப்படி இருக்கும் என்று காட்ட, என் அறையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சாம்பல் நிறப் பை, மூன்று பேர் கேட்டார்கள். முதலாமவர் போனில் மளமளவென்று ஒப்பித்தார்: பை சாம்பல், உள்ளே நோட்டு, கணக்குப் புத்தகம், ஜாமெட்ரி பாக்ஸ், பாட்டில். எல்லாம் சரி. ஜிப் எப்படி இருக்கும் என்றேன். "நல்லாத்தான் இருக்கும்." இரண்டாமவர் பாட்டில் சிவப்பு என்றார், அது இல்லை. முன்பாக்கெட்டில் ஒன்றும் இருக்காது என்றார், அதுவும் தப்பு. மூன்றாவதாக ஒரு அம்மா பேசினார். பையின் நிறத்தையே நீலம் என்றார். எத்தனை நோட்டு என்று தெரியவில்லை. பாட்டில் நிறமும் தப்பு. நான் கிட்டத்தட்ட வைத்துவிடலாம் என்று இருந்தபோது, பின்னாலிருந்து ஒரு குரல்: "அம்மா, ஜிப்புல ஷூ லேஸ் கட்டிருக்குன்னு சொல்லு." கட்டியிருந்தது. வெள்ளை லேஸ், இரண்டு முடிச்சு. பையனிடம் கொடுக்கச் சொல்லி, முன்பாக்கெட்டில் என்னடா என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அம்மா பக்கத்தில் இருக்கிறார் அல்லவா. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "பல்லு," என்றான். விழுந்த பால் பல்லை ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருந்தான்.

முதலாமவர் சொன்ன ஐந்தும் சரியாக இருந்ததற்கு மதிப்பு இல்லை. அம்மா சொன்ன இரண்டு நிறமும் தப்பாக இருந்ததும் அவருக்கு எதிரான சாட்சி இல்லை. பெற்றோருக்குப் பையின் வெளிப்புறம்தான் தெரியும், அதுவும் சரியாகத் தெரியாது. நேற்று பாட்டிலை மாற்றிக்கொண்டு வந்திருப்பான், இன்று காலை பையைக் கட்டியது பாட்டியாக இருக்கும். ஆகவே "குழந்தையிடம் கேட்டுச் சொல்லுங்கள், நேரமாகட்டும்" என்று நீங்களே சொல்லுங்கள். ஒரு மணி நேரம் கழித்து வருகிற பதில் பெரும்பாலும் முதல் பதிலைவிட நன்றாக இருக்கும். பொருந்தாத ஒருவர் அந்த நேரத்தில், "உள்ளே இருப்பதை ஒரு போட்டோ அனுப்புங்களேன், குழந்தைகிட்ட காட்டிக் கேட்கிறேன்" என்பார். நேர்மையானவர்களும் இப்படிக் கேட்பதுண்டு, அதனால் இதை வைத்து யாரையும் சந்தேகப்பட வேண்டாம். போட்டோ மட்டும் அனுப்பாதீர்கள்.

உங்கள் இருவருக்கும் இதைப் பொருத்திப் பாருங்கள். இதுவரை பேசும்போது எதைச் சரி என்றீர்கள், எதைத் தப்பு என்றீர்கள் என்று நினைவுபடுத்திக்கொண்டு, அவற்றை உங்கள் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். இன்று எழுதப்போகிற புதிய அடையாளங்களிலிருந்து மூன்று கேள்வி தயார் செய்யுங்கள், இருவருக்கும் அதே மூன்று, அதே வரிசை. "ஜிப்பில் ஏதாவது வித்தியாசம் இருக்கிறதா?" என்று கேட்கலாம். "ஜிப்பில் லேஸ் இருக்கிறதா?" என்று கேட்கக் கூடாது. மூன்றில் ஒன்றை அவர்களாகவே, நீங்கள் கோடிகாட்டாமல், சரியாகச் சொன்னால் எனக்குப் போதும். இரண்டு சொன்னால் யோசிக்கவே வேண்டாம். இருவருமே எதையும் சொல்லவில்லை என்றால் அந்தப் பை மூன்றாவது ஒருவருடையது, அவர் இன்னும் உங்கள் அறிவிப்பைப் பார்க்கவில்லை. மறுக்கும்போது எது பொருந்தவில்லை என்று விளக்க வேண்டாம். "நீங்கள் சொன்ன அடையாளம் இந்தப் பைக்கு ஒத்துவரவில்லை, உங்கள் பை வேறாக இருக்கும், பேருந்து அலுவலகத்திலும் கேட்டுப் பாருங்கள்" என்றால் மரியாதையாகவும் இருக்கும். அவர் தொலைத்த பை அங்கே நிஜமாகவே இருக்கலாம்.

கொடுப்பதை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம், நீங்களும் அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டாம். ஆள் நடமாட்டம் உள்ள இடம், பகல் நேரம், கூட ஒருவர். குழந்தையும் வரட்டும் என்று சொல்லுங்கள். விசாரிப்பதற்காக இல்லை. பையை நீட்டினால் சொந்தக்காரக் குழந்தை நன்றி சொல்ல நிற்காது, நேராக ஒரு பாக்கெட்டைத் திறந்து அது இருக்கிறதா என்று பார்க்கும். அதைப் பார்த்த பிறகு எனக்கு வேறு கையெழுத்தே வேண்டாம் என்று தோன்றும், ஆனாலும் வாங்குவேன். பெயர், தேதி, நேரம், "பையும் பட்டியலில் உள்ள பொருட்களும் பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு வரி. குழந்தை வர முடியாவிட்டால், வாங்க வருபவர் பெயரைக் குழந்தையின் நோட்டில் உள்ள பெயரோடு சேர்த்துப் பார்க்க ஏதாவது ஒரு அட்டையைக் காட்டச் சொல்லலாம். படமெடுத்து வைக்க வேண்டாம், பார்த்தால் போதும். கொடுத்ததும் அறிவிப்பில் "உரியவரிடம் சேர்ந்துவிட்டது" என்று எழுதிவிட்டு, ஒரு நாள் கழித்து முழுவதையும் எடுத்துவிடுங்கள். வெறுமனே எடுத்துவிட்டால், பகிர்ந்தவர்கள் வழியாக இன்னும் ஒரு மாதம் உங்களுக்குப் போன் வந்துகொண்டிருக்கும்.

யாருமே பொருந்தவில்லை என்றால் ஒரு வாரத்துக்கு மேல் உங்களிடம் வைத்திருக்காதீர்கள். அந்த நிறுத்தத்தில் நிற்கும் பஸ்கள் போகிற வழியில் இருக்கும் பள்ளிகளில் விசாரித்துவிட்டு, பேருந்து அலுவலகத்திலோ காவல் நிலையத்திலோ பட்டியலோடு ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கண்டெடுத்ததால் பை நமக்குச் சொந்தமாகிவிடாது. உரியவர் வரும்வரை பாதுகாக்கிற வேலை மட்டும்தான் நம்முடையது.

இன்னொன்று, டிபன் பாக்ஸ். அதை நாளை வரை விடாதீர்கள், இன்றே திறந்து மிச்சத்தைக் கொட்டிக் கழுவிக் காயவைத்துவிடுங்கள். மூடிய டப்பா இரண்டு நாளில் நோட்டுகளிலெல்லாம் வாசனை ஏற்றிவிடும், ஒழுகினால் எழுத்தும் போய்விடும். பட்டியலில் "டப்பா கழுவியது" என்று மறக்காமல் எழுதுங்கள். திறக்கும்போது உள்ளே எவ்வளவு மிச்சம் இருந்தது என்று மட்டும் பார்த்து வையுங்கள், அதுவும் நல்ல கேள்விதான். சாப்பிட்டேன் என்று வீட்டில் சொல்லியிருக்கும், ஆகவே அம்மா காதில் விழாமல் கேளுங்கள்.